சதுர அடி 2,150-ஆ 2,400-ஆ? எந்தக் கொட்டேஷன் உண்மையிலேயே கம்மி

வீடு கட்டப்போறோம்னு சொன்னதுமே சொந்தக்காரங்கள்ல இருந்து டீக்கடைல உக்காந்திருக்கவங்க வரைக்கும் கேக்குறது "சதுர அடி என்ன ரேட்டு பேசிருக்கீங்க"ன்னுதான். அந்த ஒத்த நம்பரை வச்சு ரெண்டு கான்ட்ராக்டரை ஒப்பிட்டா கண்டிப்பா தப்பான ஆளைத்தான் பிடிப்போம். ஏன்னா ரேட்டை எத்தனை சதுர அடியால பெருக்குறாங்க, அந்த ரேட்டுக்குள்ள எது எது வருது, இது ரெண்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு மாதிரி கணக்கு போட்டுப் பாப்போம். மதுரைக்கு வெளிய 30-க்கு 50 மனை, கீழ்த்தளம் மட்டும், ரெண்டு பெட்ரூம், வீடு சரியா 1,000 சதுர அடி. முன்னாடி 120 சதுர அடி போர்டிகோ, மாடிப்படிக்கு மேல 80 சதுர அடி ஹெட்ரூம். ரேட் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், மாசத்துக்கு மாசமும் மாறும், அதனால நம்பரை விட்டுட்டு கணக்கு போற வழிய மட்டும் பிடிச்சுக்கோங்க.

முதல் ஆள் மெட்டீரியலோட சதுர அடி 2,150 சொல்றாரு. ரெண்டாவது ஆள் 2,400. கேட்ட உடனே 250 ரூபா வித்தியாசம், 1,000 சதுர அடிக்கு ரெண்டரை லட்சம் மிச்சம்னு மனசுல கணக்கு ஓடும். ஆனா முதல் ஆள் போர்டிகோ, ஹெட்ரூம் ரெண்டையும் முழு ஏரியாவா எடுக்குறாரு, அப்போ 1,200 சதுர அடி, 25.8 லட்சம். சம்ப் 6,000 லிட்டர், செப்டிக் டேங்க் 5,000 லிட்டர், ரெண்டும் தனி, லிட்டருக்கு 20 ரூபான்னா 2.2 லட்சம். ஜன்னல் கிரில் தனி, 45,000. ஆக மொத்தம் 28.45 லட்சம். ரெண்டாவது ஆளு போர்டிகோவையும் ஹெட்ரூமையும் பாதி ஏரியாவா எடுக்குறாரு, 1,100 சதுர அடி, சம்ப், செப்டிக், கிரில் எல்லாம் உள்ள அடக்கம், 26.4 லட்சத்தோட முடிஞ்சிருது. ரேட் ஜாஸ்தி சொன்னவர்கிட்டதான் ரெண்டு லட்சம் கம்மி.

அதனால கொட்டேஷன் வாங்கும்போது ரேட்டுக்கு முன்னாடி நாலு விஷயத்தை எழுத்துல வாங்கிருங்க: எந்தெந்த ஏரியா முழுசு எது பாதி, அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரைக்கும் இந்த ரேட்டுல அடக்கம், பேஸ்மென்ட் உயரம் தரைமட்டத்துல இருந்தா ரோடு மட்டத்துல இருந்தா, டைல்ஸ், பாத்ரூம் பிட்டிங்ஸ், கதவுக்கெல்லாம் எவ்வளவு ரூபா வரைக்கும் அவர் பொறுப்பு. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நிறைய பேர் விட்டுர்றாங்க. "நல்ல டைல்ஸ்"னு எழுதிருப்பாங்க, கடைக்குப் போனா அவர் கணக்குல சதுர அடி 45 ரூபா டைல்ஸ், வீட்ல பிடிச்சது 80 ரூபா டைல்ஸ். தரை, பாத்ரூம் சுவரு, கிச்சன் எல்லாம் சேர்த்து 1,500 சதுர அடி டைல்ஸ் வேணும்னா 35 ரூபா வித்தியாசமே 52,500 ஆயிரும். இதுக்கு கான்ட்ராக்டரைக் குறை சொல்ல முடியாது, அக்ரிமென்ட்ல நம்பர் இல்ல அவ்வளவுதான்.

இப்போ மூணாவது வழி, லேபர் கான்ட்ராக்ட். மேஸ்திரிக்கு கூலி மட்டும், சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் எல்லாம் நாமளே இறக்குறது. அதே வீட்டுக்கு கொத்து வேலை, கம்பி கட்டுறது, சென்ட்ரிங் சேர்த்து சதுர அடி 480-ன்னு பேசினா (மேஸ்திரியும் 1,200 சதுர அடிதான் எடுப்பாரு) 5.76 லட்சம். எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ், பெயின்ட், ஆசாரி கூலி ஒரு 2.5 லட்சம். மெட்டீரியல் 16 லட்சம் சொச்சம். எல்லாம் கூட்டினா 24.4 லட்சம் கிட்ட வரும். பேப்பர்ல ரெண்டு லட்சம் லாபம்.

இந்த ரெண்டு லட்சம் கடைசி வரைக்கும் கையில நிக்குமாங்கிறதுதான் கேள்வி. எல்லாரும் பயப்படுறது சிமென்ட், கம்பி விலை ஏறிருமோன்னு. ஆனா சிமென்ட் சதுர அடிக்கு 0.4 மூட்டைன்னு வச்சா 480 மூட்டை, 380 ரூபா மேனிக்கு 1.82 லட்சம். கம்பி சதுர அடிக்கு 4 கிலோன்னா 4.8 டன், டன் 62,000-னா 2.98 லட்சம். ரெண்டும் சேர்ந்தே 4.8 லட்சம்தான், பத்து சதவீதம் விலை ஏறினாலும் 48,000. பணத்தைத் தின்னுறது வேற இடம். ஒரு யூனிட் எம்-சாண்ட்னா 100 கன அடி, வண்டி வந்து கொட்டும்போது தொட்டிய உள் அளவுல நீளம், அகலம், மணல் நிக்கிற உயரம்னு டேப் வச்சுப் பாக்க ஆள் இல்லன்னா ஒவ்வொரு லோடுலயும் கொஞ்சம் கொஞ்சமா போகும். மழைல நனைஞ்ச சிமென்ட், உடைஞ்ச செங்கல், துண்டு துண்டா மிஞ்சுற கம்பி எல்லாம் நம்ம கணக்குலதான் விழும். மெட்டீரியல்ல அஞ்சு சதவீதம் வீணானாலே 80,000 போச்சு. அடுத்தது நாள் இழுக்குறது. மேஸ்திரி வேற சைட்டுக்குப் போயிட்டாரு, டைல்ஸ்காரர் வரல, அப்படின்னு ஒரு நாலு மாசம் தள்ளுதுன்னு வைங்க, வாடகை 10,000, அதுக்குள்ள பேங்க்ல 15 லட்சம் எடுத்திருந்தா 8.5 சதவீதத்துக்கு மாச வட்டி 10,600, ஆக மாசம் 20,000-க்கு மேல, நாலு மாசத்துக்கு 80,000 தாண்டிரும். அப்போ ரெண்டு லட்சத்துல மிஞ்சுறது 40,000 கிட்டதான்.

ரிட்டையர் ஆயி சைட்டுக்குப் பக்கத்துலயே குடியிருக்கவரு, இல்ல வீட்ல ஒருத்தர் தினம் காலைலயும் சாயங்காலமும் போய் நிக்க முடியும்னா லேபர் கான்ட்ராக்ட்தான் நல்லது, கம்பி, சிமென்ட் தரமும் நம்ம கண்ணு முன்னாடி இருக்கும். வேலைக்குப் போற ரெண்டு பேரு, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சைட்டைப் பாக்க முடியும்னா என் ஓட்டு மெட்டீரியலோட கான்ட்ராக்ட்டுக்குத்தான், அதுலயும் அந்த 2,400 ஆளுக்கு.

சரி, இப்போ எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குறது. பத்து சதவீதம்னு எல்லாரும் பொதுவா சொல்லுவாங்க, ஆனா ரெண்டு வழிக்கும் ஒரே சதவீதம் போடக்கூடாது. மெட்டீரியலோட கான்ட்ராக்ட்ல விலை ஏத்தமும் சேதாரமும் அவர் தலைல (அக்ரிமென்ட்ல விலை ஏறினா நாம தரணும்னு ஒரு வரி இல்லாம இருந்தா), அதனால பத்து சதவீதம், 2.64 லட்சம் போதும். லேபர்ல அந்த ரிஸ்க் எல்லாம் நம்மளது, பதினஞ்சு சதவீதம் வைக்கணும், 3.66 லட்சம். ஒதுக்கீட்டையும் சேர்த்தா 29.04-க்கு எதிரா 28.06, ரெண்டு லட்ச வித்தியாசம் பேப்பர்லயே பாதியா சுருங்கிருச்சு பாருங்க.

இந்தப் பணத்தை எப்போ தொடலாம்ங்கிறது இன்னும் முக்கியம். பெரிய அதிர்ச்சி எல்லாம் மண்ணுக்குக் கீழதான் காத்திருக்கும். அஞ்சு அடில கெட்டி மண்ணு கிடைக்கும்னு நினைச்சு வானம் தோண்டினா ஏழு அடி வரைக்கும் பழைய குப்பையும் லூஸ் மண்ணும் வரும், இல்ல கரிசல் மண்ணா இருக்கும், அஸ்திவாரத்தோட டிசைனே மாறும். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும், அதுமேல சாதாரண ஆழத்துல அஸ்திவாரம் போட்டா ரெண்டு மூணு வருஷத்துலயே சுவர்ல சாய்வா விரிசல் ஓடும். அதனால பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடியே மண் பரிசோதனை பண்ணிருங்க, ஒட்டுமொத்த செலவுல அது ஒரு பொருட்டே இல்ல. பேஸ்மென்ட் முடியுற வரைக்கும் ஒதுக்குன பணம் முழுசா அப்படியே இருக்கட்டும், மேல்தளம் கான்கிரீட் போட்டு பூச்சு வேலையும் முடிஞ்சப்புறம் மிச்சம் இருந்தா டைல்ஸோ எலிவேஷனோ கொஞ்சம் ஒசத்திக்கலாம். நிறைய வீட்ல லிண்டல் மட்டத்துலயே தேக்கு நிலை ஆசையில இந்தப் பணம் கரைஞ்சிருது, கடைசில பெயின்டுக்கு நகை அடகுக்குப் போகுது.

கான்ட்ராக்டருக்கு எப்பெப்போ எவ்வளவு தர்றோம்ங்கிறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். முதல் ஆள் அட்வான்ஸ் 20 சதவீதம், பேஸ்மென்ட்டுக்கு 25, மேல்தளம் கான்கிரீட்டுக்கு 30 கேக்குறாரு. அதாவது கூரை போட்ட அன்னைக்கு 75 சதவீதம் அவர் கைக்குப் போயிருக்கும், ஆனா தளம் வரைக்கும் நடந்த வேலையோட மதிப்பு சுமாரா பாதிதான். மீதி 25 சதவீதத்துல பூச்சு, எலக்ட்ரிக்கல், பிளம்பிங், டைல்ஸ், கதவு, பெயின்ட் எல்லாம் அவர் முடிக்கணும், அவருக்கே கையக் கடிக்கும். கூரையோட நின்னுபோன வீடுகள் நிறைய இப்படி உருவானதுதான். ரெண்டாவது ஆள் அட்வான்ஸ் 5, பேஸ்மென்ட்டுக்கு 15, லிண்டலுக்கு 15, தளத்துக்கு 20, பூச்சுக்கு 20, டைல்ஸுக்கு 15, சாவி தரும்போது 10. எந்தக் கட்டத்துலயும் நம்ம பணம் வேலைய விட ரொம்ப முன்னாடி ஓடல. பேங்க்காரங்களும் நம்ம பங்கைப் போடச் சொல்லிட்டு, கட்டம் கட்டமா வேலையப் பாத்துதான் பணம் விடுவாங்க, அதனால முதல் ஆளோட கணக்குக்கு பேங்க் பணம் நேரத்துக்கு ஈடு கொடுக்காது.

இன்னும் முடியல. 26.4 லட்சத்துக்கு வெளிய பிளான் அப்ரூவல், போர்வெல், ஈபி கனெக்‌ஷன், காம்பவுண்ட் சுவர், கேட், கிச்சன் கப்போர்ட், அலமாரி எல்லாம் இருக்கு, அது ஒரு 7 லட்சம்னு வைங்க. ஒதுக்கீடும் சேர்ந்தா 36 லட்சம். 2,400 பெருக்கல் 1,000, 24 லட்சம்னு நினைச்சு ஆரம்பிச்சவங்களுக்கு 12 லட்சம் துண்டு விழுறது இங்கதான்.

கையில 32 லட்சம்தான் இருக்குன்னா எதை வெட்டுறது? அஸ்திவாரம், கம்பி, பாத்ரூமுக்கும் மொட்டை மாடிக்கும் வாட்டர் ப்ரூஃபிங், சுவருக்குள்ள போற பைப், ஒயர் இதுல கை வைக்காதீங்க, பின்னாடி சரி பண்ணணும்னா உடைச்சுத்தான் பண்ணணும். போர்வெல்லும் சம்பும் முதல்லயே வந்துரணும், க்யூரிங்குக்கு டேங்கர் தண்ணி வாங்கிக் கட்டுபடி ஆகாது. காம்பவுண்ட் மூணு பக்கம், கப்போர்ட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் குடிபோனப்புறம் பண்ணிக்கலாம், ஏசிக்கு இப்போதைக்கு பைப்பும் ஒயரும் மட்டும் விட்டு வச்சா போதும். இதுலயே மூணு மூன்றரை லட்சம் தள்ளிப் போயிரும். அதுக்கும் மேல குறைக்கணும்னா பெட்ரூமை ஒரு அடி சுருக்குறதால சதுர அடிக்கு 2,400 மிச்சமாகாது, சுவரு, கதவு, ஜன்னல் எல்லாம் அப்படியேதானே இருக்கு. ஒரு அட்டாச்டு பாத்ரூமை எடுத்தா டைல்ஸ், பைப், பிட்டிங்ஸ், வாட்டர் ப்ரூஃபிங், கதவுன்னு ஏரியா கணக்கை விட நல்லாவே குறையும், ஆனா அதை கான்ட்ராக்டர்கிட்ட சதுர அடி ரேட்ல கழிக்க விடாம, ஐட்டம் ஐட்டமா பேசிக் கழிச்சு வாங்குங்க, பிளான் அப்ரூவலுக்குப் போடுறதுக்கு முன்னாடியே.