வோல்டேஜ் சரியாகக் காட்டிய பழைய சோலார் பேனலையும் ஏன் ஒதுக்கினேன்

என் கூரையில் ஓடுவதெல்லாம் செகண்ட் ஹேண்ட் பேனல்கள். ஒரு கட்டடத்தில் பன்னிரண்டு ஆண்டு வெயில் தின்றுவிட்டு, அங்கே பெரிய பேனல் போட்டபோது கழற்றி விற்கப்பட்டவை. 250 வாட், 60 செல். வாங்கி வருடங்கள் ஆகிவிட்டன. அன்று அளந்ததற்குப் பக்கத்திலேயே இன்றும் தருகின்றன. அந்தக் குவியலில் எதை எடுத்தேன், எதை விட்டேன் என்பதுதான் இந்தப் பதிவு.

விற்பவர் பெரும்பாலும் மல்டிமீட்டரை வைத்து, "பாருங்க சார், 33 வோல்ட் வருது" என்பார். வருவது உண்மைதான். ஆனால் லோடு இல்லாத வோல்டேஜ், பேனலின் உடல்நிலையைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் சொல்லும். லேபிளில் ஓப்பன் சர்க்யூட் 37.6 வோல்ட் என்று இருந்தது. அது செல் 25 டிகிரியில் இருக்கும்போது வரும் கணக்கு. நல்ல வெயிலில் செல் 55 டிகிரி தொட்டுவிடும். ஒரு டிகிரிக்கு சுமார் 0.32 சதவீதம் குறையும் என்பதால் 34 வோல்ட் எதிர்பார்க்கலாம். 33.5 வந்தால் பரவாயில்லை. 22 அல்லது 23 வந்தால் மூன்றில் ஒரு பங்கு செல் வரிசை காணாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் பேனலின் பின்னாலுள்ள ஜங்ஷன் பாக்ஸில், பழுதான வரிசையைத் தாண்டிக் கரண்டைக் கடத்தும் பைபாஸ் டயோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். டயோடை மாற்றலாம், பாக்ஸுக்குள் சிலிக்கான் ஊற்றி மூடாமல் இருந்தால்.

அடுத்தது, பிளஸ், மைனஸ் இரண்டையும் நேராக இணைத்தால் ஓடும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட். இது வெயிலோடு ஏறி இறங்கும், அதனால் வெயில் எவ்வளவு என்று தெரியாமல் அளந்து பயனில்லை. நான் ஒரு சிறிய புதுப் பேனலைக் கையோடு கொண்டுபோனேன். அதன் லேபிளில் 5 ஆம்பியர். அன்று அதே சாய்வில் வைத்தபோது 4.25 காட்டியது. ஆக வெயில் 85 சதவீதம். பழைய பேனலின் லேபிள் 8.8 ஆம்பியர், எதிர்பார்ப்பது 7.5, கிடைத்தது 7.2. கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் அளக்க வேண்டும். டி.சி. கிளாம்ப் மீட்டர் நல்லது. ஷார்ட் செய்த கனெக்டரை வெயிலில் அப்படியே பிரித்தால் தீப்பொறி நீண்டு கையைச் சுடும்; முதலில் பேனலைத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.

இந்த இரண்டு சோதனையிலும் நன்றாகத் தேறிய ஒரு பேனலைத்தான் நான் வேண்டாம் என்றேன். செல்களை இணைக்கும் ரிப்பனில் சால்டர் விட்டுப்போயிருந்தால், அல்லது ஈரம் புகுந்து துரு ஏறியிருந்தால், வோல்டேஜும் வரும், ஷார்ட் கரண்ட்டும் வரும். வேலை வாங்கும்போதுதான் படுத்துவிடும். அதனால் பாதி காலியான 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும், பேனல் தரக்கூடிய அதிகபட்ச பவரைத் தேடி எடுக்கும் ஒரு எம்.பி.பி.டி. கன்ட்ரோலரையும் எடுத்துப் போனேன். பேட்டரி நிறைந்திருந்தால் கன்ட்ரோலரே பவரைக் குறைத்துவிடும், பேனல்மேல் பழி விழும்.

கணக்கு இப்படி: 250 வாட்டில் வெயிலுக்காக 85 சதவீதம், சூட்டுக்காக அதில் ஏறத்தாழ 87 சதவீதம், முழு ஆரோக்கியமான பேனல் 185 வாட் தர வேண்டும். பெரும்பாலானவை 165 தந்தன, அதாவது 89 சதவீதம். ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் தேய்வது இயல்பு என்பதால், பன்னிரண்டு ஆண்டுக்கு இது நியாயமான தேய்மானம். நான் ஒதுக்கியது 128-இல் நின்றது. கால் மணி நேரம் லோடில் விட்டபின் தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பின்பக்கம் காட்டினால், ஒரு இடம் மட்டும் அக்கம்பக்கத்தைவிட 20 டிகிரி கூடுதல். அந்த இடத்தில் லேசான பழுப்புக் கறையும் இருந்தது.

மீதி ஆயுளை வாட்டை வைத்து மட்டும் கணிக்கக் கூடாது. 80 சதவீதத்துக்கு இறங்கிய பேனலும் உழைத்துக்கொண்டே இருக்கும். ஆளைக் காலி செய்வது பின்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தாளான பேக்‌ஷீட்தான். பின்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் முதுமை தொடங்கிவிட்டது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். செல் இடைவெளிகளை ஒட்டி வெடிப்பு ஓடினால் விலை பேசவே வேண்டாம். அதே குவியலில் இருந்து வெடிப்புள்ள ஒன்றை மலிவு என்று நண்பர் எடுத்துப் போனார். பனி பெய்த காலைகளில் அவருடைய இன்வெர்ட்டர் மின்கசிவைச் சொல்லும் ஐசொலேஷன் ஃபால்ட் காட்டி நிற்கும், ஈரம் காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். அந்த ஒன்றைக் கழற்றிய பிறகுதான் தொல்லை ஓய்ந்தது. இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெகர் கிடைத்தால், பேனலை நனைத்து, பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து அலுமினிய ஃபிரேமுக்கு எதிராக அளக்கலாம்; இந்த அளவு பேனலுக்கு 25 மெகாஓம் கீழே போனால் விட்டுவிடுவேன்.

விலையை லேபிள் வாட்டுக்குப் பேசாதீர்கள். என் பேனல்களை 220 வாட் என்று வைத்தே பேசினேன். ஒரே சீரிஸில் கோக்கப் போகிறீர்கள் என்றால் கரண்ட் நெருக்கமாக உள்ளவற்றைச் சேர்த்து எடுங்கள்; தேறாத ஒன்று வரிசை முழுவதையும் கீழே இழுக்கும்.