ஆறு வருடமாகப் பாவிக்கும் கணக்குக் கொப்பியும் அதன் கடைசித் தாளும்

மகள் இந்த வருடம் ஏ.எல். பயோ தொடங்குகிறாள், அந்தப் பிறப்புரிமையியல் கணக்குக் கொப்பியை வாங்கலாமா என்று மச்சான் கேட்டான். கோண்டாவிலில் என் ரியூசன் வகுப்பில் ஆறு வருடமாக அதைத்தான் பாவிக்கிறேன். கணக்குகள் அருமை. ஆனால் கடைசியில் இருக்கும் விடைத்தாளை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும்.

பதினேழாம் கணக்கைப் பாருங்கள். வம்சாவளிப் படத்தில் தாய் தகப்பன் இருவருக்கும் அல்பினிசம் இல்லை, ஒரு மகளுக்கு இருக்கிறது. ஆகவே இது பின்னிடைவான இயல்பு. தகப்பனுக்கு இல்லாமல் மகளுக்கு வந்திருப்பதால் X நிறமூர்த்தத்தோடு பிணைந்த பின்னிடைவும் இல்லை. பெற்றோர் இருவரும் Aa, அதாவது நோயைத் தரும் a ஒன்றைச் சுமந்தும் நோயில்லாத காவிகள். இதுவரை பிள்ளைகள் தாங்களே வந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் வில்லங்கம். நோயில்லாத மகன், காவி என்று தெரிந்த ஒரு பெண்ணைக் கட்டுகிறான். முதல் பிள்ளைக்கு அல்பினிசம் வரும் நிகழ்தகவு என்ன?

விடைத்தாளில் 1/8 என்று இருக்கிறது. வழி எதுவும் இல்லை. பெற்றோரின் A, a களைச் சேர்த்துப் பார்க்கும் சதுரத்தின் நாலு பெட்டியில் இரண்டு Aa, ஆகவே மகன் காவியாக இருக்க 1/2, அதை 1/4 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். பிழை! மகனுக்கு நோயில்லை என்று கணக்கே சொல்லிவிட்டது. aa பெட்டியை வெட்டினால் மிஞ்சுவது மூன்று, அதில் இரண்டு Aa. ஆகவே 2/3 × 1/4 = 1/6.

ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது "சேர், புத்தகத்தில 1/8 தானே கிடக்கு" என்று நிற்கும். போன வருடம் இரண்டு நாணயங்களைக் கையில் கொடுத்து, தலையை a என்று வைத்து நாற்பது தரம் சுண்டச் சொன்னேன். இரண்டும் தலையாக விழுந்த 11 தரத்தை வெட்டினோம். மிஞ்சிய 29 இல் ஒரு தலை ஒரு பூ 19 தரம். பிள்ளை பேசாமல் போய் இருந்துவிட்டது.

அதே கணக்கின் கடைசிப் பகுதிக்காக மட்டும் அச்சடித்தவரை மன்னிக்கலாம். முதல் பிள்ளை நோயில்லாமல் பிறந்தால் அடுத்ததற்கு என்ன? 1/6 தான் என்று எல்லோரும் எழுதுவார்கள். தகப்பனான அந்த மகன் AA ஆக இருந்தால் முதல் பிள்ளை கட்டாயம் நோயில்லாமல் பிறக்கும், Aa ஆக இருந்தால் 3/4 தான். ஆகவே AA பக்கம் 1/3 × 1 = 1/3 உம் Aa பக்கம் 2/3 × 3/4 = 1/2 உம் எதிரெதிரே நிற்கின்றன. தகப்பன் காவியாக இருக்கும் வாய்ப்பு 3/5 ஆகக் குறைகிறது, விடை 3/20. பிறந்த பிள்ளை தகப்பனைப் பற்றிச் சொல்கிறது என்பது பிடிபடும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு விடைத்தாளில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பேசிவிட்டு மச்சானுக்குச் சொன்னது: காசு கொடுத்து வாங்காதே. என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது, கடைசித் தாளைக் கிழித்து வைத்திருக்கிறேன், பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போ.