குளத்தோரப் பூத்தொட்டிக்குள் டிரான்ஸ்பார்மர்: வில்லா வெளிவேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தோட்டம், நீச்சல் குளம், மோட்டார் கேட், வெளிவிளக்கு நான்கையும் ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த ஆள் செய்ததை எந்த ஆளும் செய்யலாம், முடித்த வேலை வெளியிலிருந்து பார்க்க அழகாகவே இருக்கும். எங்கள் வீட்டிலும் அழகாகத்தான் இருந்தது.

குளத்து ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருநாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு இருக்குங்க" என்றார். தரை ஈரம், வெறுங்கால். அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

குளத்துக்குள் எங்களுக்கு இரண்டு விளக்குகள். இரண்டும் சேர்த்து 40 வாட், 12 வோல்ட். தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்ட்தான் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் அந்த 12 வோல்ட்டை உண்டாக்கும் டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு பக்கம் 230 வோல்ட் நுழைகிறது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது குளத்து விளிம்பிலிருந்து ஒரு கை நீளத்தில், பூத்தொட்டி மண்ணுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. மேலே செடி. செடிக்குத் தினமும் ஸ்பிரிங்க்ளர் தண்ணீர்.

ஐஇசி 60364-7-702 என்ற தரவிதி குளத்தைச் சுற்றி மூன்று மண்டலங்களாகக் கோடு போடுகிறது. பல நாடுகளின் வயரிங் விதிகள் இதைத் தழுவியவை, சில நாடுகளில் தூரம் வேறுபடும். குளத்தின் உட்புறம் பூஜ்ஜிய மண்டலம். விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை, தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரம் வரை முதல் மண்டலம். அதற்கப்பால் இன்னும் 1.5 மீட்டர் இரண்டாம் மண்டலம். தண்ணீருக்குள் ஏசி என்றால் 12 வோல்ட், டிசி என்றால் 30 வோல்ட், அதற்கு மேல் கூடாது. அதைக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் இந்த மூன்று மண்டலங்களுக்கும் வெளியே, அதாவது விளிம்பிலிருந்து 3.5 மீட்டர் தாண்டி இருக்க வேண்டும். இரண்டாம் மண்டலத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு வரும் லைனில், மின்கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். முதல் மண்டலத்துக்குள், அதுவும் ஈர மண்ணில் புதைத்து வைக்க அந்த விதியில் இடமே இல்லை.

அங்கே ஏன் கொண்டுபோய் வைத்தார்? அறியாமையால் இல்லை, கேபிள் காசை மிச்சம் பிடிக்க. வெளிப்புற போர்டிலிருந்து விளக்கு வரை 25 மீட்டர் தூரம். 12 வோல்ட்டில் 40 வாட் என்றால் கிட்டத்தட்ட 3.3 ஆம்பியர் ஓட வேண்டும். அவர் போட்டது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். போக 25, வர 25, ஆக 50 மீட்டர் வயரின் மின்தடை சுமார் 0.6 ஓம். வழியிலேயே 2 வோல்ட் காணாமல் போய்விடுகிறது, விளக்குக்குப் போய்ச் சேர்வது 10 வோல்ட். 230 வோல்ட் லைனில் 2 வோல்ட் குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. 12-ல் 2 குறைந்தால் விளக்கு அழுது வடியும். முதலில் எங்கள் விளக்குகள் அப்படித்தான் எரிந்தன, நானும் புகார் சொன்னேன். 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டிருந்தால் இழப்பு அரை வோல்ட்டோடு நின்றிருக்கும், விஷயமும் அதோடு முடிந்திருக்கும். அவர் செய்தது வேறு. போர்டுக்குப் பக்கத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கிக் குளத்தோரம் புதைத்து, அதே மெல்லிய வயரில் 230 வோல்ட்டை விளிம்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பார்த்தீங்களா சார், சரியாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

இதை மட்டும் செய்துவிட்டுப் போயிருந்தால்கூட ஆர்சிசிபி என்னைக் காப்பாற்றியிருக்கும். காப்பாற்றவும் பார்த்தது. மழை பெய்தால் டிரிப், ஸ்பிரிங்க்ளர் ஓடினால் டிரிப். மோட்டார் கேட்டும் அதே ஆர்சிசிபியில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் கேட்டும் செத்துப்போகும், காரை வெளியே நிறுத்திவிட்டு மழையில் இறங்கி ஓட வேண்டும். கூப்பிட்டால், "மழைக்காலத்துல எல்லா வீட்லயும் இப்படித்தான் சார், ஆர்சிசிபி ரொம்ப சென்சிடிவ்" என்றார். வந்து ஏதோ செய்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட டிரிப் ஆகவில்லை.

புது எலக்ட்ரீஷியன் வந்ததும் செய்த முதல் காரியம் இதுதான். எல்லோரையும் குளத்திலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார், வெளிவிளக்கு எல்லாவற்றையும் போட்டார், ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அமுக்கினார். டக்கென்று லிவர் கீழே விழுந்தது. குளத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தோட்ட விளக்கும் அப்படியே.

அவர் ஒன்றும் சொல்லாமல் போர்டு மூடியைக் கழற்றிக் காட்டினார். வெளிப்புற லைனின் பேஸும் நியூட்ரலும் ஆர்சிசிபிக்குக் கீழே இருந்து போக வேண்டியவை. அவற்றை உருவி, மேலே, மின்சாரம் உள்ளே வரும் பக்கத்திலேயே செருகியிருந்தார்கள். ஆர்சிசிபி இருக்கிறது, லிவர் ஏறி இறங்குகிறது, பொத்தானும் வேலை செய்கிறது, ஆனால் வெளியே போகும் மின்சாரம் அதன் வழியாகப் போவதே இல்லை. மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். விளக்கைப் போட்டுவிட்டு அமுக்குங்கள், விளக்கு அணைகிறதா என்று பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. லிவர் விழுவதைப் பார்த்துத் திருப்திப்படுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்து, இரண்டு பக்கமும் லைனைக் கழற்றிவிட்டு வயர் இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெக்கர் கருவி வைத்து 500 வோல்ட்டில் பார்த்தார். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். எங்கள் வெளி லைன் காட்டியது 0.04. அதாவது 40 கிலோ ஓம், காய்ந்த நாளிலேயே 6 மில்லி ஆம்பியர் அளவுக்கு மண்ணில் கசிவு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இதற்கு விழாது. மண் ஊறி இந்தத் தடை 7, 8 கிலோ ஓமுக்கு இறங்கும்போது விழும். மழை வந்தால் மட்டும் டிரிப் ஆனதன் ரகசியம் இவ்வளவுதான். சென்சிடிவும் இல்லை, ஒன்றும் இல்லை, நனைந்த டப்பா. ஆர்சிசிபியை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் மெக்கர் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏணியில் சுருக்கென்றதற்கும் காரணம் அதுவே. மண்ணில் கசியும் மின்சாரம் ஈரத் தரையை ஒரு மின்னழுத்தத்துக்கு ஏற்றி வைக்கிறது, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஏணி வேறொரு அழுத்தத்தில் இருக்கிறது. கால் ஒன்றில், கை ஒன்றில். ஏணி, கைப்பிடி, தரைக் கம்பி வலை, பம்ப் உடல் என்று குளத்தைச் சுற்றியுள்ள உலோகம் எல்லாவற்றையும் பச்சை மஞ்சள் வயரால் ஒன்றோடொன்று கட்டியிருந்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் எழாது. விதியும் அதைக் கேட்கிறது. எங்கள் ஏணியின் அடியில் அதற்கான திருகு இருந்தது, வயர்தான் இல்லை. பில்லில் 'எர்த்திங் முழுவதும்' என்று இருந்தது.

இவ்வளவு பார்த்தபின் கேட்டையும் திறந்து பார்க்கச் சொன்னேன். அதே கைவரிசை. குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்தும் போட்டோசெல்லின் முனைகள் இரண்டையும் மோட்டார் போர்டில் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தார்கள். அந்தக் கண்கள் சுவரில் சும்மா இருந்தன. போதாததற்கு, தண்டவாளத்தில் மண் சேர்ந்து கேட் இறுகியதால் மோட்டாரின் தள்ளுவிசையைக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார்கள். மூடும் விளிம்பில் ஆளோ பொருளோ சிக்கும்போது விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் நொடிக்குள் 150-க்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்கிறது மோட்டார் கேட்டுகளுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 12453. நாங்கள் கருவி வைத்து அளக்கவில்லை. மூடிக்கொண்டிருந்த கேட்டின் முன்னால் ஓர் அட்டைப் பெட்டியை நிறுத்திப் பார்த்தோம். கேட் நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை, பெட்டியைத் தூணோடு வைத்து நசுக்கியது. தண்டவாளத்தைக் கழுவி, உருளைகளைச் சரிசெய்தால் அந்தக் கேட்டுக்குப் பாதி விசையே போதுமானதாக இருந்தது.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினேன். "கேட் நிக்குதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். எழுத்தில் கேட்டேன், அதோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கொட்டேஷனைப் பிரித்தால் பிடிக்க ஒன்றுமில்லை. 'குளம் மற்றும் தோட்ட விளக்கு வேலை, மெட்டீரியல் உட்பட' என்று ஒரே வரி. கேபிள் அளவு இல்லை, டிரான்ஸ்பார்மர் இடம் இல்லை, ஆர்சிசிபி எத்தனை என்று இல்லை.

இப்போது டிரான்ஸ்பார்மர் பம்ப் அறைக்குப் போய்விட்டது, விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால். 230 வோல்ட் பக்கத்தையும் 12 வோல்ட் பக்கத்தையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைக்கும் பாதுகாப்பு வகை, உடலில் ஐஇசி 61558-2-6 என்று அச்சிட்டிருக்கிறது. அங்கிருந்து விளக்குக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள். குளம், தோட்டம், கேட் மூன்றுக்கும் தனித்தனி ஆர்சிசிபி, அதனால் தோட்டத்தில் ஏதாவது நனைந்தாலும் கேட் நிற்பதில்லை, யாருக்கும் பைபாஸ் செய்யும் ஆசை வரவும் காரணமில்லை. விளிம்பை ஒட்டியிருந்த இரண்டு 230 வோல்ட் தோட்ட விளக்குகளையும் டேப் வைத்து அளந்து 2 மீட்டர் கோட்டுக்கு வெளியே தள்ளினோம்.

உங்கள் வீட்டில் பொத்தானை அமுக்கியும் விளக்கு எரிந்தால், பூத்தொட்டியைத் தோண்டிப் பார்க்கப் போகாதீர்கள். மெயினில் வெளிப்புற லைனை அணைத்துவிட்டு, மெக்கர் கையில் உள்ள ஒருவர் வந்து பார்க்கும் வரை குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள். பழைய ஆளையே கூப்பிட்டால், அவர் வந்து வயரை இடம் மாற்றுவதற்கு முன்னால் போர்டின் உட்புறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.