நிரப்பி அனுப்பிய பிடிஎஃப்பில் எடையை மாற்றிவிட்டார்கள்: கூலிக்குக் கொலுசு செய்பவர்கள் கவனிக்கவும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெளியூர் வியாபாரி ஒருவர் கட்டி வெள்ளி கொடுப்பார், நாங்கள் கூலிக்குச் செய்து தருவோம். சரக்கு ஒப்படைத்ததும் அவர்களுடைய பிடிஎஃப் படிவத்தில் எடைகளை நிரப்பி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் வைத்த நடைமுறை.

இந்த முறை வாங்கிய வெள்ளி 7 கிலோ. கொலுசாகத் திரும்பியது 6.420 கிலோ, துண்டு வெள்ளி 440 கிராம், பேசியபடி சேதாரம் 2 சதவீதம், அதாவது 140 கிராம். கூட்டினால் 7 கிலோ சரியாக வரும். எடைக்குப் பக்கத்தில் "இரு தரப்பும் சேர்ந்து தராசில் பார்த்தது" என்று ஒரு கமெண்டும் போட்டு அனுப்பினோம்.

கூலி கேட்டபோது அவர்கள் திருப்பி அனுப்பிய அதே படிவத்தில் கொலுசு எடை 6.240 என்று இருந்தது. கமெண்டைக் காணோம். 180 கிராம் வெள்ளி குறைகிறது, அதைக் கூலியில் பிடிக்கிறோம் என்றார்கள். "நீங்க அனுப்பின பிடிஎஃப்ல இருக்கிறதுதானுங்க இது" என்றார் அவர்களுடைய கணக்கர். எங்கள் வாட்ஸ்அப்பில் 6.420 உள்ள கோப்பு அப்படியே இருக்கிறது. அதைக் காட்டியதற்கு, "அது நீங்க அப்புறம் மாத்தினதா இருக்கும்" என்றுவிட்டார். கூலியில் பாதிதான் வந்தது.

பிடிஎஃப் என்றாலே அச்சடித்த தாள் மாதிரி, யாரும் மாற்ற முடியாது என்ற எண்ணம் நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. படிவத்தில் நிரப்பியது அப்படி இல்லை. பெட்டியில் தட்டிய எண் பக்கத்தின் எழுத்தோடு சேர்வதே இல்லை. சட்டம் போட்ட படத்தின் கண்ணாடி மேல் எழுதியதைப் போல அது தனியாக மேலே நிற்கிறது. கமெண்டும் அப்படித்தான். பெறுபவர் இலவச ரீடரிலேயே பெட்டியைத் தொட்டு வேறு எண் போடலாம், கமெண்டைத் தேர்ந்தெடுத்து Delete அழுத்தலாம். எங்கள் படிவத்தில் 4-க்கும் 2-க்கும் இடம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்கள் கோப்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். திறந்து எண்ணின் மேல் க்ளிக் செய்யுங்கள். பெட்டி இளநீலமாகத் தெரிந்தாலோ, உள்ளே கர்சர் துடித்தாலோ அது இன்னும் திறந்துதான் கிடக்கிறது. கமெண்டைத் தொட்டதும் சுற்றிலும் கட்டம் வந்தாலும் அதே கதைதான்.

அனுப்பும் முன் இவற்றைப் பக்கத்தோடு பதித்துவிட வேண்டும். ஃபிளாட்டன் செய்வது என்பார்கள். விண்டோஸ் கணினியில் அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து Print கொடுத்து, பிரிண்டராக Microsoft Print to PDF தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் Comments & Forms என்ற இடத்தில் Document and Markups இருக்கிறதா பாருங்கள். வெறும் Document இருந்தால் எண்கள் வரும், கமெண்ட் விட்டுப்போகும். வேறு பெயரில் சேமித்து, புதுக் கோப்பைத் திறந்து மறுபடி எண்ணைத் தொட்டுப் பாருங்கள். கர்சர் வரக்கூடாது. அனுப்ப வேண்டியது இந்தக் கோப்பைத்தான். நிரப்பிய மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.

தினமும் இப்படி நிறைய எடைச் சீட்டு அனுப்புகிறவர்களுக்கு qpdf என்ற இலவச மென்பொருளில் ஒரே வரிக் கட்டளையில் முடியும். இதில் seettu.pdf நிரப்பிய கோப்பு, anuppa.pdf பதித்து வரும் புதுக் கோப்பு:

```
qpdf --generate-appearances --flatten-annotations=all seettu.pdf anuppa.pdf
```

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியின் தோற்றத்தை qpdf தானே உருவாக்க வேண்டி வந்தால் ஆங்கில எழுத்து, எண்களுக்குத்தான் சரிவரும், தமிழ் வராமல் போகலாம். தமிழில் நிரப்பியிருந்தால் முதல் வழியே நல்லது. pdftk-இலும் flatten உண்டு, ஆனால் அது படிவப் பெட்டிகளை மட்டும் பதிக்கும், கமெண்டுகளைத் தொடாது. எங்களைப் போல முக்கியமான வரியைக் கமெண்டில் எழுதுகிறவர்களுக்கு அது போதாது. அதிலும் மஞ்சள் நோட்டு போன்ற ஸ்டிக்கி நோட்டில் எழுதாதீர்கள். பதித்தபின் அதன் சின்னம் மட்டும் பக்கத்தில் நிற்கும், உள்ளே எழுதியது தெரியாமலே போகலாம். பக்கத்திலேயே தெரியும் டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதுங்கள்.

பதித்துவிட்டால் யாராலும் தொடவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். பிடிஎஃப் திருத்தும் மென்பொருள் வைத்திருப்பவர் முயன்றால் அச்சான எழுத்தையும் மாற்றலாம். பெட்டியைத் தொட்டு எண்ணை மாற்றும் சுலபமான வழியைத்தான் இது அடைக்கிறது. பெரிய எடை கைமாறும்போது ஜிஎஸ்டிக்கு வைத்திருக்கும் டிஎஸ்சி எனும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைக் கொண்டு கையொப்பமும் போடுங்கள். அதன்பின் யாராவது எண்ணை மாற்றினால், ரீடரில் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போதே தெரிந்துவிடும். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் பதிப்பது, பிறகு கையொப்பம். மாற்றிச் செய்தால் கையொப்பம் செல்லாமல் போய்விடும்.