ஒரே அனார்கலி, மூன்று மாடல்கள்: படத்தை எப்படி எடுப்பது?

தீபாவளிக்கு வந்த சரக்கில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் அனார்கலி. பாவு நீலம், ஊடை பச்சை. திரும்புகிற பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறும். கீழ்க்கரையில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் குட்டி குட்டி ஜரிகை மாங்காய்கள். இதை மூன்று பேர் போட்டிருப்பது போல, ஒரே சீராகப் படம் வேண்டும். என் ஸ்டூடியோ செங்காங்கில் உள்ள வீவக வீட்டு ஹால்தான். மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன்.

முதல் வழி பழைய வழி: மூன்று பேரை வரவழைத்து எடுப்பது. சன்னல் வெளிச்சத்தை நம்பினால் கெட்டோம். நம்மூர் மேகம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறத்தை மாற்றிவிடும். திரையை இழுத்துவிட்டு, சாஃப்ட்பாக்ஸ் போட்ட இரண்டு ஃபிளாஷ், மேனுவலில் 1/125, f/8, ISO 100. டிரைபாட் கால்களுக்கும் மாடலின் பாதங்களுக்கும் தரையில் டேப். முதல் படத்தில் சாம்பல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி, அதில் கிடைத்த ஒயிட் பேலன்ஸை எல்லாப் படங்களுக்கும் வைத்தேன். அப்படியும் ஒருவர் படத்தில் துணி பச்சையாக நின்றது. காரணம் லைட் இல்லை. அவர் சற்றுத் திரும்பி நின்றிருந்தார். இந்த மாதிரித் துணிக்குப் பாதம் எங்கே என்பதோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் டேப்பில் குறிக்க வேண்டும்.

இன்னொன்று, மூவரும் ஃபிரேமை ஒரே அளவு நிரப்ப வேண்டும் என்று தனித்தனியாக கிராப் செய்யாதீர்கள். உயரமானவருக்குக் கெண்டைக்காலில் நிற்கும் கரை, குள்ளமானவருக்குக் கணுக்காலைத் தொடும். வாங்குபவர் பார்க்க வேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

இந்த வழியின் கஷ்டம் ஆள்தான். மூன்று பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒத்துவருவது என்பது முகூர்த்தநாள் பார்ப்பது மாதிரி.

இரண்டாவது வழி, துணியை மட்டும் விரித்துப் படமெடுத்து, ஏஐ விர்ச்சுவல் ட்ரை-ஆன் மூலம் வேறொருவர் படத்தில் போட்டுவிடுவது. IDM-VTON, CatVTON இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் உரிமம் CC BY-NC-SA 4.0; வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் சோதனையோடு நிறுத்திக்கொண்டேன்.

சிறிதாகப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது. கரையைப் பெரிதாக்கியதும் குட்டு வெளிப்பட்டது: ஒரு மாடலிடம் மாங்காய், இன்னொருவரிடம் வெறும் புள்ளி, மூன்றாமவரிடம் கொடி. கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். படம் 768×1024. 165 செ.மீ. உயரமுள்ளவர் அதில் ஏறக்குறைய 950 பிக்சல் உயரம் வருவார். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 6 பிக்சல்கூட இல்லை. இந்த வகைக் கருவியோ உள்ளுக்குள் 8×8 பிக்சலை ஒரு புள்ளியாகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. மாங்காய் அதில் தங்காது. ஒவ்வொரு தடவையும் அது தன் மனம்போலப் புதிதாக வரையும். மயில்கழுத்தும் ஒற்றைப் பச்சையாகிவிட்டது.

பெரிய படம் தரும் கட்டணச் சேவை என்றால் மாங்காய் தப்பலாம். ஆனால் அளவு சரியாக வராது. விரித்த துணியின் படத்தில் அது எம்மா எக்ஸ்எல்லா என்ற விவரம் இல்லை. யார் மீது போட்டாலும் கச்சிதமாக உட்கார வைத்துவிடும். அக்குளில் இழுக்கிற சுருக்கம் வரவே வராது. அந்தப் படத்தை நம்பி வாங்குபவர் திருப்பி அனுப்பத்தான் செய்வார்.

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவில்: ஆடையை உண்மையான ஆள் மீது எடுத்து, தலையையும் முகத்தையும் மட்டும் இன்பெயின்ட்டிங்கில், அதாவது குறித்த பகுதியை மட்டும் ஏஐயை வரைய வைத்து, மாற்றுவது. எக்ஸ்எல் மாடலான பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுமதி கேட்டேன். "முகத்த மாத்திக்கோ தம்பி, இடுப்ப மட்டும் மெலிய வச்சிடாத" என்றார்.

இங்கே ஒரு பொறி உண்டு. மாற்றுவதற்காகக் குறித்த பகுதியான மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் துணி மாறாது என்று நினைப்போம். ஆனால் முழுப் படமும் அந்தச் சுருக்கலுக்குள் போய்த் திரும்புவதால் ஜரிகை லேசாகக் கலங்கிவிடும். அதனால் நான் பயன்படுத்தும் ஏஐ மென்பொருளான ComfyUI-இல் கடைசியில் ImageCompositeMasked என்ற நோடைப் போட்டு, அசல் துணியைத் திரும்ப மேலே ஒட்ட வேண்டும். சரிபார்க்க, ஃபோட்டோஷாப்பில் அசலையும் புதியதையும் அடுக்கி மேல் லேயரை Difference-க்கு மாற்றினால் போதும். ஆடை இருக்கும் இடம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். என் முதல் படத்தில் கழுத்துக்கரையில் சாம்பல் கோடு தெரிந்தது. தோளில் விழுந்த முடியோடு சேர்த்துத் துணியையும் மாஸ்க் செய்திருந்தேன். முடியைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லி மறுபடி எடுத்ததில் கோடு போய்விட்டது.

இப்போது எம் ஒருவர், எக்ஸ்எல் ஒருவர் என இரண்டு பேரை டேப் மேல் நிற்க வைத்து எடுக்கிறேன். சாம்பிளும் இரண்டு அளவிலும் வாங்கிவிடுகிறேன். மூன்றாவது முகம் எம் அளவுக்காரரின் படத்திலிருந்து வருகிறது. அந்தப் படத்தின் கீழே 'முகம் ஏஐ, ஆடை அசல், அளவு எம்' என்று போட்டுவிடுகிறேன்.