பன்னிரண்டு அகப்பக்கங்களை யார் பெயரில் வைப்பது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து தனியாளாக அகப்பக்கங்கள் செய்து கொடுக்கிறேன். இப்போது பன்னிரண்டு வாடிக்கையாளர்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடை, பிறையில் கல்யாணச் சமையல் செய்யும் ஒருவர், இரண்டு டியூஷன் நிலையங்கள், மீதி சிறு கடைகள். அகப்பக்கம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதை எந்தக் கணக்கில் வைப்பது, ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது, இரவில் நின்றுபோனால் யாருக்குத் தொலைபேசி வரும் என்பதுதான் முடியாத கதை. அதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் நான் கைசுட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் வழி மலிவானது. சர்வரில் இடம் தரும் ஒரு சாதாரண ஹோஸ்டிங் கணக்கை வாங்கி, சிபேனல் என்ற ஒரே கட்டுப்பாட்டுத் திரைக்குள் எல்லாருடைய டொமைன் பெயரையும் சேர்த்துக்கொள்வது. தொடக்கத்தில் நானும் இப்படித்தான் செய்தேன். இதில் எல்லா அகப்பக்கமும் சர்வரில் ஒரே பயனர் பெயரில் ஓடுகிறது. ஒரு கடையின் பழைய பிளக்இன் என்ற கூடுதல் நிரல் வழியாக உள்ளே நுழைந்தவன் அடுத்த கடையின் `wp-config.php` கோப்பையும் திறந்து தரவுத்தளக் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். இது ஒரே அறையில் பன்னிரண்டு குடும்பங்களைக் குடிவைப்பது போன்றது. சொந்த அகப்பக்கங்களுக்குச் சரி, காசு வாங்கிக்கொண்டு பிறருக்குச் செய்யக்கூடாது. இதற்குமேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது ரீசெல்லர் கணக்கு, அதாவது சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கி நாமே பிரித்து விற்பது. டபிள்யூ.எச்.எம். என்ற மேலாண்மைத் திரை நம் கைக்கு வருகிறது. அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி சிபேனல், தனிப் பயனர் பெயர், தனி இட அளவு கொடுக்கலாம். மூன்றாவது, வாடிக்கையாளரே தன் பெயரில், தன் கார்டில் ஹோஸ்டிங் வாங்குவது. நமக்கு உள்ளே செல்லும் அனுமதி மட்டும் இருக்கும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

நான் ரீசெல்லர் கணக்குக்கு மாறிய பிறகு ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் நடந்ததைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். சேலைக்கடை அக்கா காலையில் அழைத்தார். “தம்பி, மொத்த வியாபாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் எல்லாம் திரும்பி வருகிறது.” திரும்பி வந்ததில் இப்படி இருந்தது:

```
554 5.7.1 Service unavailable; Client host [203.0.113.25]
blocked using zen.spamhaus.org
```

அதாவது, சர்வரின் ஐபி முகவரியே குப்பை அஞ்சல் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அக்காவின் கடையில் எந்தத் தவறும் இல்லை. ஒரே சர்வரில் இருப்பவர்கள் ஒரே ஐபியிலிருந்து அஞ்சல் அனுப்புவதால், ஒருவர் செய்த பாவம் எல்லார் தலையிலும் விடிகிறது. ஒவ்வொரு சிபேனலிலும் ‘Track Delivery’ பகுதியைத் திறந்து பார்த்தேன். சமையல்காரர் கணக்கிலிருந்து முந்தைய இரவில் மட்டும் ஆயிரக்கணக்கான அஞ்சல்கள் போயிருந்தன. அவருடைய தொடர்புப் படிவத்தின் பிளக்இன்னை நான் எட்டு மாதமாகப் புதுப்பிக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

தனித்தனிக் கணக்காக இருந்ததால் குற்றவாளி அரைமணி நேரத்தில் அகப்பட்டான். பழைய முறையில் இருந்திருந்தால் எல்லா அஞ்சலும் ஒரே பயனர் பெயரில்தான் தெரிந்திருக்கும். ஆனால் கறுப்புப் பட்டியலிலிருந்து ஐபியை எடுக்கச் சொல்லும் வேலை எனக்குக் கணக்கு விற்ற சர்வர்காரருடையது. அவர் என்னிடம்தான் பேசுவார், என் வாடிக்கையாளர்களிடம் பேசமாட்டார். அவருடைய பதிலுக்கு நான் ஆறு மணி நேரம் காத்திருந்தபோது, பன்னிரண்டு பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ரீசெல்லர் என்றால் நடுவில் நிற்பவர், இரண்டு பக்கத்து அடியும் அவருக்குத்தான்.

மூன்றாவது வழியிலும் ஐபி பொதுவானதுதான், முன்பின் தெரியாத யாரோ அதைக் கெடுக்கலாம். ஆனால் அப்போது சர்வர்காரரை அக்காவே நேரடியாகக் கேட்டிருக்கலாம், என் வேலை உதவி செய்வதோடு நின்றிருக்கும். அதன் பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன். டபிள்யூ.எச்.எம். பேக்கேஜில் ஒரு டொமைன் மணிக்கு இத்தனை அஞ்சல்தான் அனுப்பலாம் என்ற வரம்பை நூறாகக் குறைத்தேன். வியாபாரமே மின்னஞ்சலில் நடப்பவர்களுக்கு, அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, அஞ்சலைத் தனி அஞ்சல் சேவைக்குக் கொண்டுபோனேன். அகப்பக்கம் நின்றால் ஒரு நாள் பொறுப்பார்கள், மின்னஞ்சல் நின்றால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கமாட்டார்கள்.

இனி கணக்கு. ரீசெல்லர் திட்டத்துக்கு மாதம் 95 வெள்ளி, ஆண்டுக்கு 1,140. அதன்மேல் சேவை வரி. 2024 மார்ச்சில் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, பதிவு பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களும் வசூலிக்கின்றன. ஆக 1,231 வெள்ளி. பன்னிரண்டு பேரிடம் தலைக்கு 280 வாங்கினால் 3,360. கையில் நிற்பது 2,129. கேட்க நன்றாக இருக்கிறது. ஓர் ஆண்டு முழுக்க உதவி கேட்டு வந்த அழைப்புகளுக்கும், பாக்கி வசூலுக்கும், காப்புப் பிரதி எடுப்பதற்கும் செலவிட்ட நேரத்தை நோட்டில் எழுதி வைத்தேன். 61 மணி நேரம். மணிக்கு 35 வெள்ளி. வடிவமைப்பு வேலைக்கு நான் வாங்குவது 80. இப்போது ஹோஸ்டிங் கட்டணம் தனி, பராமரிப்புக் கட்டணம் தனி என்று இன்வாய்ஸில் இரண்டு வரியாகப் போடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே தொகையில் அடக்கியவரைக்கும், லோகோவைச் சற்றுப் பெரிதாக்குவதும் ‘ஹோஸ்டிங்’ கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது.

காசு கட்டாதவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. டபிள்யூ.எச்.எம்.மில் கணக்கை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் அகப்பக்கத்தோடு, அங்கேயே அஞ்சல் வைத்திருப்பவர் அஞ்சல் பெட்டிக்குள்ளும் நுழைய முடியாது. 200 வெள்ளிப் பாக்கிக்காக ஒருவருடைய ஆர்டர்களை மறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வாரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

வாடிக்கையாளரின் டொமைனை மட்டும் எந்த வழியிலும் என் பெயரில் பதிவதில்லை. காலாவதியான .com பெயர், பதிவாளர் தரும் சலுகை நாட்களும் முடிந்தபின், 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போகும். அப்போது மீட்கத் தனிக் கட்டணம், அதுவும் கனமானது. அதையும் தவறவிட்டால் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். இன்னொருவரின் கடைப் பெயரை இந்த நாட்காட்டியில் கட்டிவைக்க எனக்குத் துணிவில்லை. என் சொந்த டொமைனைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன். டொமைன் பெயர் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று வழிகாட்டும் எல்லாருடைய பெயர் சர்வர்களும் ns1, ns2 என்று அதன்கீழேதான் இருக்கின்றன. அது காலாவதியானால் பன்னிரண்டு கடைகளும் ஒரே நாளில் மறைந்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான். அலுவலகத்தில் கணக்கர் இருக்கிற, சர்வர்காரரின் அறிவிப்பு மின்னஞ்சலைத் திறந்து படிக்கிற வாடிக்கையாளர் தன் பெயரிலேயே வாங்கட்டும். டியூஷன் நிலையம், சமையல்காரர் போன்றவர்களிடம் அது நடக்காது. கார்டு காலாவதியாகும், அறிவிப்பு குப்பையில் கிடக்கும், கடைசியில் அழைப்பு எனக்குத்தான் வரும். அவர்களுக்கு ரீசெல்லரே மேல். ஆனால் நாலைந்து பேருக்காக மட்டும் அதை எடுக்காதீர்கள், மாதக் கட்டணமே வருமானத்தைத் தின்றுவிடும்.

தைப்பூசம் கழிந்ததும் சேலைக்கடையை அக்காவின் சொந்தக் கணக்குக்கு மாற்றினேன். பழைய சர்வர் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிஎன்எஸ் டிடிஎல் மதிப்பை முந்தைய நாளே 300 விநாடியாகக் குறைத்து, முழுக் கணக்கையும் ஒரே காப்புப் பிரதிக் கோப்பாக எடுத்து, புதிய சர்வர்காரரிடம் கொடுத்தேன். பிற்பகல் தேநீருக்குள் முடிந்தது. கடவுச்சொல்லைக் கல்லாப்பெட்டிக்குள் எழுதி ஒட்டியிருக்கிறார், அதுதான் இப்போது என் கவலை.