எடையா, கையின் நீளமா? கவண்பொறியை 4 மீட்டர் குறிக்குப் பழக்கிய கதை

இயற்பியலும் வடிவமைப்பும் சேர்ந்த ஒரு வகுப்புக்குக் கவண்பொறி செய்முறையை இரண்டு முறை நடத்தியிருக்கிறேன். தரையில் 4 மீட்டர் தள்ளி ஒரு தட்டு இருக்கும். 20 கிராம் கண்ணாடிக் கோலி அதில் போய் விழ வேண்டும். முதல் முறை, கையின் நீளத்தை மாற்றித் தூரத்தைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை கையைத் தொடவே விடவில்லை, எதிர் எடையை மட்டும் மாற்றச் சொன்னேன். இனி எப்போது நடத்தினாலும் இரண்டாவது வழிதான்.

பொறி எளிமையானது. 60 செ.மீ. நீளமும் 80 கிராம் எடையும் உள்ள மரச்சட்டம் ஒன்று, தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஓர் அச்சில் சுழலும். அச்சுக்கு ஒரு புறம் 12 செ.மீ. குட்டைக் கை, அதன் நுனியில் இறுகக் கட்டிய எதிர் எடை. மறுபுறம் 48 செ.மீ. நெட்டைக் கை, அதன் நுனியில் கோலி வைக்கும் கிண்ணம். நெட்டைக் கை 45 பாகை கீழே சாய்ந்து புறப்பட்டு, 45 பாகை மேலே போனதும் தடுப்புக் கட்டையில் மோதும். கை நின்றுவிடும், கோலி பறக்கும். கையை நீட்டினால் நுனி வேகம் கூடும், எடையை ஏற்றினால் விசை கூடும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள்.

உராய்வை ஒதுக்கிவிட்டு ஆற்றல் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். இங்கே தூரம் என்பது கோலி விடுபடும் உயரத்துக்கே திரும்பி வரும்வரை கடக்கும் தூரம். எதிர் எடை 1 கிலோ என்றால் 2.6 மீட்டர். 2 கிலோவுக்கு 3.67. 3 கிலோவுக்கு 4.15. 4 கிலோவுக்கு 4.42. முதல் கூடுதல் கிலோ ஒரு மீட்டருக்கு மேல் தந்தது, அடுத்தது அரை மீட்டர், அதற்கடுத்தது கால் மீட்டர்தான். காரணம் எளிது. எடை விழும்போது கோலியை மட்டும் தள்ளுவதில்லை, தன்னையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. எத்தனை கிலோ ஏற்றினாலும் தானாக விழும் கல்லைவிட வேகமாக அது விழ முடியாது. ஆகவே இந்தக் கைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நெட்டைக் கை b, குட்டைக் கை a என்றால், மேலே சொன்ன கோணங்களுக்கு அது ஏறத்தாழ இப்படி வரும்:

```
R = 2.8 × b² ÷ a
```

நம் பொறிக்கு இது 5.4 மீட்டர். யானையையே கட்டித் தொங்கவிட்டாலும் அதைத் தாண்டாது.

இப்போது கையின் பக்கம். எதிர் எடையை 2 கிலோவில் நிறுத்திவிட்டு, சட்டத்தில் அச்சுத் துளையை மட்டும் நகர்த்துவோம். குட்டைக் கை 13 செ.மீ. என்றால் 3.45 மீட்டர், 12 என்றால் 3.67, 11 என்றால் 3.86. ஒரு செ.மீ. துளைக்கு ஏறத்தாழ 20 செ.மீ. தாவல். 10-க்கு 4.02, 8-க்கு 4.12. அதற்கு மேல் போனால் கதை திரும்பிவிடுகிறது: 6 செ.மீ. குட்டைக் கையில் 3.70-க்கு இறங்கிவிடும். எடை விழும் உயரம் குறைந்துபோகிறது. இருக்கும் ஆற்றலில் பெரும் பங்கு நீண்ட மரக்கையையும் கோலியையும் தூக்குவதிலும் சுழற்றுவதிலும் போய்விடுகிறது.

முதல் முறை எங்களைக் கவிழ்த்தது இந்தத் திருப்பம்தான். கையை நீட்ட நீட்டத் தூரம் கூடியதைக் கண்ட ஒரு குழு, இன்னும் நீட்டினால் இன்னும் கூடும் என்று துளைமேல் துளை போட்டுக்கொண்டே போனது. தூரம் குறைந்ததும் அச்சில் உராய்வு என்று நினைத்து எண்ணெய் விட்டார்கள். ஒரு பையன் வந்து, “சார், எண்ணெய் விட்டும் குறையுது” என்றான். குறையத்தான் செய்யும். அதற்குள் சட்டம் சல்லடையாகி, எறியும்போது துளை வரிசையிலேயே பிளந்துவிட்டது.

எடையில் இந்த வம்பு இல்லை. ஏற்றினால் கூடும், இறக்கினால் குறையும், பாதியில் திசை மாறாது. ஆனால் நான் எடையின் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம் இது அல்ல, திருத்தம் எவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடிகிறது என்பதுதான். 12 செ.மீ. குட்டைக் கையில் 2.5 கிலோ அளவில் நிற்கும்போது, 100 கிராம் மணல் கூட்டினால் தூரம் 5 செ.மீ. நகர்கிறது. தராசில் மணலை அளந்து போடலாம், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துவிடலாம். துளையில் 5 செ.மீ. திருத்தம் வேண்டுமென்றால் அச்சைக் கால் செ.மீ. நகர்த்த வேண்டும். பழைய துளையும் புதிய துளையும் ஒன்றாகிவிடும்.

இதிலேயே இன்னொரு நன்மையும் இருக்கிறது. 6 செ.மீ. குட்டைக் கையின் உச்சவரம்பு 13 மீட்டருக்கு மேல். அங்கே 2 கிலோவிலிருந்து 3 கிலோவுக்குப் போனால் தூரம் ஒன்றரை மீட்டர் ஏறும், அதாவது 100 கிராமுக்கு 15 செ.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொறி நம் திருத்தத்துக்கு மட்டுமல்ல, பிழைகளுக்கும் அதே அளவுக்கு ஆடும். மணல் சற்றுச் சிந்தினாலும் கோலி கொஞ்சம் கனமாக இருந்தாலும் குறி தப்பும். உச்சவரம்பு குறியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும்படி கையை முதலில் வெட்டிக்கொண்டு, பிறகு எடையால் திருத்தினால் பொறி சாதுவாக இருக்கிறது. 4 மீட்டருக்கு 5.4 என்பது அப்படி வந்த கணக்குதான். ஆக, கையின் நீளம் தேவையில்லாத விஷயம் அல்ல. ஒருமுறை தீர்மானித்துவிட்டுக் கைவைக்காமல் இருக்க வேண்டிய விஷயம்.

கணக்கு 2.6 கிலோ என்றது. கோலி விடுபடும் இடம் தரையிலிருந்து 74 செ.மீ. மேலே இருப்பதால் கூடுதலாக 64 செ.மீ. பறக்கும். ஆனால் அதே இடம் அச்சுக்கு 34 செ.மீ. பின்னால் இருக்கிறது. அச்சிலிருந்து அளந்தால் மிச்சம் 30 செ.மீ. லாபம், அதாவது கோலி 4.3 மீட்டரில் விழ வேண்டும். விழுந்தது 3.9-இல். உராய்வும், எறியும் கணத்தில் சட்டகம் துள்ளியதும் மிச்சத்தைத் தின்றுவிட்டன. சட்டகத்தின் கால்களில் செங்கல் வைத்து அழுத்திவிட்டு, 2.4, 2.7, 3 கிலோ மூன்றிலும் ஐந்தைந்து முறை எறிந்து வரைபடம் போட்டோம். அதில் 4 மீட்டருக்கு எதிரே நின்றது 2.8 கிலோ.

ஒரே எடையில் ஐந்து கோலிகளும் 20 செ.மீ. அகலத்துக்குச் சிதறினால் 100 கிராம் திருத்தத்துக்குப் பொருளே இல்லை. முதலில் மணல் பை ஆடுகிறதா, தடுப்புக் கட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி எடையாகக் கட்டுபவர்களுக்கு இந்தச் சிதறல் நிச்சயம் வரும், தண்ணீர் உள்ளே அலைந்துகொண்டே இருக்கும். மணலை இறுக்கி நிரப்பி, மேலே துணி திணித்து மூடுவது மேல்.

கிண்ணத்துக்குப் பதில் நுனியில் கயிற்றுக் கவண் கட்டினால் இதே சட்டம் இன்னும் வெகுதூரம் எறியும், மேலே சொன்ன உச்சவரம்பும் அதற்குப் பொருந்தாது. அதை நான் சில நாட்கள்தான் ஆடிப் பார்த்தேன். அங்கே கயிற்றின் நீளமும் கொக்கியின் வளைவும் கோலி விடுபடும் கணத்தைத் தீர்மானிக்கின்றன. எடையை மாற்றினால் அந்தக் கணமும் கொஞ்சம் நகர்ந்தது, ஒரு முறை கோலி நேரே மேலே போய் எங்கள் தலைக்கே திரும்பி வந்தது. அதனால் எடையால் திருத்தும் வழி கயிற்றுப் பொறிக்கும் இதே அளவு ஒத்துவரும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

குறி 4 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்குத் தள்ளி வைக்கப்பட்டால் மட்டும் மணல் மூட்டையைத் தேடிப் போகாதீர்கள். உச்சவரம்பு 8 மீட்டர் வேண்டும். இதே 60 செ.மீ. சட்டத்தில் குட்டைக் கையை 9 செ.மீ. ஆக்கினால் அது கிடைக்கும். அங்கே ஒரே ஒரு புதுத் துளை போட்டுவிட்டு, மறுபடி தராசுக்கு வந்துவிடலாம்.